கார்த்தியின் புது ஷூ

கன்னங்குறிச்சி,
சேலம்.

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் வந்தது. கார்த்திக்கு ஏற்காட்டிலேயே ரிசார்ட்டில் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். பெங்களூருக்கு அனுப்பிவிட்டு நீயும் தங்கச்சியும் தனியாக இருக்க வேண்டுமே என்று போன வருஷமே புலம்பினாய். இங்கே வெயில் அதற்குள் மண்டையைப் பிளக்கிறது. சரசுவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மற்றபடி புதுசாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, கடையிலிருந்து புது ஷூவைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்தான், இரண்டு குதிகாலும் கொப்புளம், சுண்டுவிரல் சிவந்துவிட்டது என்று, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். ஆம்பூரில் அத்தனை வருஷம் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷனில் இருந்தவனிடம் கேட்காமல், தேங்காய் எண்ணெய் தடவி வெயிலில் வைக்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறாய். வைக்காதே. தேங்காய் எண்ணெய் தோலில் திட்டுத்திட்டாக இறங்கிக் கறுக்கும், அப்புறம் பாலிஷ் பிடிக்காது. வெயிலும் சூடும் தோலை வறட்டி, அடியில் சோலை ஒட்டியிருக்கும் பசையையும் இளக்கிவிடும். வெந்நீரில் முக்குகிற யோசனையையும் விட்டுவிடு.

முதலில் குதிகாலைப் பார்ப்போம். பின்பக்கத் தோல் கெட்டியாக இருப்பதால்தான் கடிக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். குதிகாலைச் சுற்றி, வெளித்தோலுக்கும் உள் லைனிங்குக்கும் நடுவில், கவுண்டர் என்று ஒரு கெட்டியான கிண்ணம் வைத்துத்தான் தைப்போம். அது இளகக் கூடாது, இளகினால் ஷூ பின்னால் சரிந்துவிடும். புது ஷூவில் உண்மையான தொல்லை முன்னால் இருக்கிறது. நடக்கும்போது பாதம் விரல்களின் அடிப்பக்கத்தில் மடங்குகிறது. புது சோல் அந்த இடத்தில் மடங்க மாட்டேன் என்கிறது. அப்போது குதிகால் மேலே எழும்பும், ஷூ அதோடு சேர்ந்து எழும்பாது. ஒவ்வொரு அடிக்கும் காலின் தோல் அந்தக் கவுண்டரில் மேலும் கீழுமாக இழுபடும். மேல்தோல் ஒரு பக்கமும் உள்ளே இருக்கிற சதை ஒரு பக்கமும் இழுபட்டு, நடுவில் பிரிந்து நீர் கோத்துக்கொள்வதுதான் கொப்புளம். சோல் மடங்கப் பழகிவிட்டால் இந்த எழும்பல் பெரும்பாலும் நின்றுவிடும்.

அதனால் காலில் போடுவதற்கு முன்பே கையால் பழக்கச் சொல். ஒரு கையில் குதிப் பக்கம், இன்னொரு கையில் முனை. விரல்கள் மடங்குகிற அகலமான இடத்தில் மட்டும் மெதுவாக வளைத்து வளைத்து விடவேண்டும், ஒரு நேரத்துக்குப் பத்துப் பதினைந்து தரம். பாதத்தின் நடுவில் வளைக்கக் கூடாது. அங்கே ஷாங்க் என்று ஒரு பட்டை உள்ளே கிடக்கும், அது மடங்கினால் ஷூ செத்தது. மடிகிற இடத்து வெளித்தோலில், ஷூ கடையில் கிடைக்கும் லெதர் கிரீமைத் துணியில் தொட்டு லேசாகத் தடவிவிட்டு ஒரு ராத்திரி விடலாம். பின்பக்க மேல்விளிம்பு மட்டும் கூராக உறுத்துகிறதென்றால் ஸ்பூனின் பின்புறத்தை வைத்து உள்ளிருந்து வெளியே அழுத்தித் தேய்த்தால் போதும்.

இரண்டாவது, லேஸ். இந்தக் காலத்துப் பையன்கள் ஒருமுறை முடிச்சுப் போட்டுவிட்டு அப்புறம் காலை உள்ளே திணிக்கிறார்கள், ஷூ ஹார்ன் என்றால் என்ன என்று கேட்கிறார்கள். அப்படிப் போட்டால் கவுண்டர் விளிம்பும் நசுங்கும், பாதமும் உள்ளே நிற்காது. அவிழ்த்துவிட்டுக் காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் ஒருமுறை தட்டிப் பின்னால் உட்காரவைத்து, அதற்குப் பிறகுதான் கட்டவேண்டும். விரல் பக்கம் தளர்வாக, கணுக்காலுக்குக் கீழே இறுக்கமாக. ஐந்து ஓட்டை இருக்கும் ஷூ என்று எழுதியிருந்தாய். நான்காவது ஓட்டை வரை வழக்கம்போலக் குறுக்காகக் கோக்கட்டும். பிறகு லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்து ஐந்தாவது ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விட்டால் சின்னதாக ஒரு வளையம் நிற்கும். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, இடது லேஸை வலது வளையத்திலும் வலது லேஸை இடது வளையத்திலும் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பூட்டுப் போட்டதுபோல நிற்கும்.

இதையும் மீறிக் குதிகால் நழுவினால் கடைக்காரர் பின்னால் ஒட்டுகிற பேட் ஒன்றை எடுத்து நீட்டுவார். வாங்க வேண்டாம். அது பாதத்தை முன்னால் தள்ளும், ஏற்கெனவே சிவந்திருக்கிற சுண்டுவிரல் இன்னும் நசுங்கும். ஷூவின் நாக்குக்கு அடியில் ஒட்டுகிற பேட் உண்டு, அதைக் கேள். அது மேலிருந்து அழுத்திப் பாதத்தைப் பின்னுக்குத் தள்ளுவதால் குதிகாலும் நிற்கும், விரலுக்கும் இடம் கிடைக்கும்.

விரல் விஷயம்தான் எனக்குக் கொஞ்சம் பயம். தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. முனையில் உள்ளே ஒரு கெட்டித் துண்டு வைத்திருப்போம், அது ஜென்மத்துக்கும் இளகாது. பெருவிரல் முனையில் இடிக்கிற ஷூவை எத்தனை நாள் போட்டாலும் இடிக்கத்தான் செய்யும். பக்கவாட்டில் பிடிக்கிறதென்றால் வழி இருக்கிறது. இதைக் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமே பார்த்துவிடு, காலையில் வேண்டாம். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், வேலையில் அந்தக் கால்தான் ஷூவுக்குள் இருக்கப்போகிறது. லேஸைக் கட்டாமல் பாதத்தை முனைவரை தள்ளி நிற்கச் சொல், குதிகாலுக்குப் பின்னால் உன் ஆள்காட்டி விரல் இறங்கவேண்டும். இறங்கவில்லையென்றால் சைஸ் சிறியது, வேறு பேச்சில்லை. இறங்கினால் ஒரு காகிதத்தில் அவனை நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அதன்மேல் ஷூவை வைத்துப் பார். கோடு சோலுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிதுங்கினால் செருப்புத் தைப்பவரிடம் ஸ்ட்ரெச்சர் கட்டையில் ஒரு ராத்திரி போட்டு எடுக்கலாம். அதற்குமேல் பிதுங்கினால் அந்த வார்ப்பு அவன் காலுக்குச் செய்தது இல்லை. ரெக்சினாக இருந்தால் கட்டையில் போட்டும் பயனில்லை, மறுநாளே பழைய அளவுக்குச் சுருங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனி. லேஸ் கட்டியபிறகு இரண்டு பக்கத்து ஓட்டை வரிசைக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் போல இடைவெளி இருக்கவேண்டும். புதிதாக இருக்கும்போதே இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், தோல் இளகியபிறகு இறுக்க இடமே இருக்காது.

வேலையில் சேர மூன்று வாரம் இருக்கிறதே, அது தாராளம். அளவு பார்ப்பதோடு சரி, இப்போது இருக்கிற கொப்புளம் முழுசாக ஆறும்வரை ஷூவைப் போட்டு நடக்கவேண்டாம். மேல்தோலைக் கிழிக்காமல் அப்படியே விட்டால் அதுதான் நல்ல மருந்து. கையால் வளைக்கும் வேலையை மட்டும் செய்யட்டும். ஆறியபிறகு வீட்டுக்குள், டைல்ஸ் தரையில், தடித்த சாக்ஸோடு அரைமணி நேரம். நடக்கட்டும், நாற்காலியில் உட்கார்ந்து எழட்டும், மாடிப்படி ஏறட்டும். மறுநாள் போடக் கூடாது. தோல் குடித்த வியர்வை காய ஒரு நாள் வேண்டும், ஈரத்தோல் இன்னும் அதிகமாகக் கடிக்கும். அதற்கடுத்த நாள் ஒரு மணி நேரம். இப்படி ஒன்றுவிட்டு ஒரு நாள் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகட்டும்.

ஒவ்வொரு முறையும் கழற்றியதும் காலைப் பார்க்கவேண்டும். சிவப்பு கால் மணி நேரத்தில் மறைந்தால் அது வெறும் அழுத்தம், கவலையில்லை. மறையாமல் தொட்டால் சுடுகிறது, எரிகிறது என்றால் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருக்கிறது. ஆறும்வரை நிறுத்திவிட்டு, அடுத்த முறை போடுவதற்கு முன்பே அந்த இடத்தில் மைக்ரோபோர் காகித டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டட்டும். மூலைகளை வட்டமாக வெட்டினால் சாக்ஸில் சிக்கி உரியாது. கொப்புளம் வந்தபிறகு அதன்மேல் நேராக ஒட்டக் கூடாது, எடுக்கும்போது தோலும் கூடவே வந்துவிடும்.

உங்கள் ஊரில் ஒரு சிக்கல், சமதளமே கிடையாது. ஏற்றத்தில் குதிகால் அதிகமாக எழும்பும், இறக்கத்தில் விரல்கள் முனையில் போய் இடிக்கும். கார்த்தி வாங்கிய அன்றே இறக்கத்தில் நடந்ததால் சுண்டுவிரலும் மாட்டிக்கொண்டது. வீட்டுக்குள் இரண்டு மணி நேரம் தாங்கியபிறகுதான் வெளியே, அதுவும் முதலில் ஏரியை ஒட்டி. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பக்கமெல்லாம் அப்புறம். வேலையில் சேர்ந்த முதல் வாரம் பையில் பழைய கறுப்பு ஷூ ஒன்று இருக்கட்டும், மத்தியானம் மாற்றிக்கொள்ளலாம். மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவைக்கவேண்டும். தங்கச்சி அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடப் போகிறாள், சொல்லிவை.

நீயும் அதே கடையில் ஒரு ஜோடி பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். உனக்குச் சுகர் இருக்கிறது. காலில் மதமதப்பு வேறு இருக்கிறது என்று போன தரம் சொன்னாய். மேலே எழுதியதெல்லாம் வலியும் எரிச்சலும் தெரிகிற காலுக்குத்தான். உனக்குக் கடிப்பதே தெரியாமல் புண்ணாகிவிடும். கெட்டித் தோல் ஷூ உனக்கு வேண்டாம். டாக்டரிடம் கேட்டு மிருதுவாக, அகலமாக ஒன்று வாங்கிக்கொள். ஏற்கெனவே கொப்புளம் ஏதாவது இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் காட்டிவிடு.

அளவு பார்த்ததில் குழப்பமாக இருந்தால் சனிக்கிழமை கார்த்தியை இங்கே அனுப்பு. அஸ்தம்பட்டியில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஸ்ட்ரெச்சர் கட்டை வைத்திருக்கிறார், ராத்திரி போட்டு ஞாயிறு எடுத்துக்கொள்ளலாம். பையன் எங்கள் வீட்டிலேயே தங்கட்டும். ஷூ பையில் வரட்டும், காலில் செருப்போடு வரச் சொல். இடம் இருந்தால் அந்தப் பையிலேயே அரைக் கிலோ காப்பித்தூளும் போட்டு அனுப்பு, சிக்கரி கலக்காதது.

அன்புடன்,
சண்முகம்