எங்கே நின்றீர்கள்?

அன்புள்ள மாப்ள,

போன பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டுவதானால் திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை. நம்மை விசிலடித்து ஓடவிட்ட ஒட்டகம் சார் ஓய்வு பெற்று நிலக்கடலை போட்டிருக்கிறாராம். பாத்திக்கும் விசில் அடித்துத்தான் தண்ணீர் விடுகிறார் என்று கேள்வி.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. ஆனி கடைசியில் என் விளையாட்டு வகுப்பில் ஒரு பெண் விழுந்துவிட்டாள். எட்டாம் வகுப்பு ஏ, பி இரண்டையும் சேர்த்துவிட்டார்கள், மொத்தம் 92 பேர். நான் "தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றதும் அத்தனை பேரும் நாலே நாலு குழாயை நோக்கிப் பாய்ந்தார்கள். சிமென்ட் திட்டில் தாடை இடித்து மூன்று தையல். தலைமையாசிரியர் கத்தவில்லை. "நீங்க எங்க நின்னீங்க சார்?" என்று மட்டும் கேட்டார். மைதானத்துக்கு நடுவில், குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

அன்று ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் கால் சுளுக்கி உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் என் வாட்சைக் கொடுத்து, வகுப்பில் எது எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதச் சொன்னேன். வகுப்பறையிலிருந்து வந்து சேர 7 நிமிடம். வரிசை, வருகைப்பதிவு 8. அணி பிரித்துப் பந்து கொடுக்க 6. தண்ணீருக்கு 5. திரும்பக் கூட்டிப் பந்தை எண்ணி வாங்க 4. நாற்பது நிமிட வகுப்பில் பிள்ளைகள் ஆடியது பத்தே நிமிடம்! கணக்கு சார் நம் பீரியடைக் கடன் கேட்கும்போதெல்லாம் சண்டைக்குப் போகிறவன் நான். அவர் எடுப்பதைவிட அதிகமாக நானே தின்றிருக்கிறேன். அந்தக் காகிதத்தை இன்னொரு முறை பார்த்தபோதுதான் உறைத்தது: சண்டை, தள்ளுமுள்ளு, கேலி எல்லாம் அந்த முப்பது நிமிடத்தில்தான் நடக்கின்றன. ஆடும்போது யாரும் யாரையும் கிள்ளுவதில்லை.

முதலில் நான் நிற்கும் இடத்தை மாற்றினேன். நடுவில் நின்றால் பாதிப் பேர் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான். ஓரத்தில், சுவரை ஒட்டி நடந்தால் எல்லோரும் கண்ணுக்குள் இருப்பார்கள். ஒரு குழுவுக்குத் திருத்தம் சொல்லப் போனாலும் அந்தக் குழுவின் வெளிப்பக்கமாகப் போய், மைதானத்தைப் பார்த்தபடி நின்று சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆடிக் காற்று உனக்குத் தெரியுமே, மேற்கிலிருந்து அறையும். கிழக்கே நின்று கத்தினால் குரல் எனக்கே திரும்பி வரும். அதனால் பேச வேண்டியிருந்தால் மேற்கு ஓரம்தான். காலை வகுப்பில் அதில் இன்னொரு சௌகரியம், வெயில் என் கண்ணில் அடிக்கும், பிள்ளைகள் முதுகில் விழும். கண் கூசினால் அவர்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள், குனிந்து மண்ணைக் கிளறுவார்கள்.

அடுத்தது விசில். நான் எல்லாவற்றுக்கும் ஊதுவேன், உனக்குத்தான் தெரியுமே. அது அவர்களுக்குக் காக்கா கத்துவது மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஒரே ஒரு நீள விசில், அதற்கு ஒரே அர்த்தம்: நில், பந்தைப் பாதங்களுக்கு நடுவில் வை, கை முழங்காலில். பந்து கையில் இருந்தால் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள், நாம் சொல்வது ஒன்றும் ஏறாது. மூன்று வகுப்பு இதையே விளையாட்டாக வைத்து ஓடவிட்டு ஊதிப் பழக்கினேன். அப்புறம் இன்னொன்று கவனித்தேன். "பந்தை எடுத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தால், நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் பாதிப் பேர் பந்திடம் போய்விடுகிறார்கள். நம் பேச்சில் வினை கடைசியில்தானே வரும், அதுவரை யார் காத்திருப்பது? இப்போது "நான் கை தட்டின பிறகு" என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதன் பின்னால்.

கூட்டத்தை எட்டுக் குழுவாக்கினேன், 11 அல்லது 12 பேர். சுவரில் சுண்ணாம்பால் 1 முதல் 8 வரை எழுதியிருக்கிறது. வந்ததும் அவரவர் எண்ணுக்குக் கீழே, அவரவர் இடத்தில். யார் வரவில்லை என்று காலி இடமே சொல்லிவிடும், குழுத் தலைவர் விரலைக் காட்டினால் வருகைப்பதிவு ஒரு நிமிடத்தில் முடிந்தது. பந்து, வளையம், கயிறு எல்லாம் முன்கூட்டியே அந்தந்த இடத்தில் இருக்கும். பொருள் நகராது, பிள்ளைகள்தான் நகர்வார்கள்.

முதல் வாரம் சொதப்பல். எட்டு இடங்களை வரிசையாகப் போட்டேன், எட்டாவது குழு ஒன்றாம் இடத்துக்குப் போக எறிபந்து நடுவே குறுக்கே ஓடியது, ஒருவன் மூக்கில் பந்து. வட்டமாக மாற்றினேன். நாலு நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றினால் ஆட்டம் சூடு பிடிக்கும்போது விசில் வந்துவிடுகிறது என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். நியாயம்தான். இப்போது இரண்டு குழு சேர்ந்து ஓரிடம், நாலு இடம், ஒவ்வொன்றிலும் 8 நிமிடம். முன்னும் பின்னும் நாலு நாலு நிமிடம். நாலாவது இடம் குழாயடி! கயிறு தாண்டல் அங்கேதான், நாலு நாலு பேராகத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தாண்டுவார்கள். தண்ணீருக்கென்று தனியாக யாரையும் அனுப்புவதே இல்லை. அன்றைக்குக் குழாயடிக்குக் கடைசியில் வருகிற குழு தவித்துப்போகும் என்பதால் மைதானத்துக்கு வரும்போதே அவர்கள் ஒரு வாய் குடித்துக்கொள்ளலாம். போன வாரம் திரும்ப வாட்சைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். ஆட்டம் 25 நிமிடம்.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பி பிரிவில் ஒரு பையன். வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவன் சட்டையை இழுப்பான். இரண்டு வருடமாக அவனுக்கு ஐந்து சுற்று, பத்து சுற்று கொடுத்திருக்கிறேன். ஒரு பந்துக்குப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றால் அவன் முறை எப்போது வரும்? சும்மா நிற்க வைத்தவன் நான், ஓடியவன் அவன். இப்போது தகராறு செய்தால் என் பக்கத்தில் ஓரமாக நிற்பான், நூறு எண்ணிவிட்டுத் தானே உள்ளே போவான். போன வாரம் ஒரு தரம்தான் வந்தான். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனை கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது, நாமும் பயிற்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து "மைதானத்தைச் சுத்துடா" என்கிறோம். ஒட்டகம் உன்னைப் பதினைந்து சுற்று ஓடவிட்ட அன்று நீ மெஸ் வாசலில் வாந்தி எடுத்தாயே, அதற்கப்புறம் ஒரு வருடம் நீ ஓட்டப் பக்கமே வரவில்லை. நீ இப்போதும் சுற்று கொடுக்கிறாயா? உண்மையைச் சொல்.

அந்தப் பெண்ணுக்குத் தையல் பிரித்தாயிற்று. கயிறு தாண்டலில் அவளை யாரும் தோற்கடிக்க முடியவில்லை.

பிற்பகல் வகுப்புதான் இன்னும் உதைக்கிறது. வெயிலும் மேற்கு, காற்றும் மேற்கு. நான் காற்றுப் பக்கம் நின்றால் பிள்ளைகளுக்குக் கண் கூசுகிறது, எதிர்ப்பக்கம் போனால் தொண்டை போகிறது. இப்போதைக்கு வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுக் கிளப்புகிறேன், ஆனால் 92 பேருக்கு அந்த நிழல் போதவில்லை. உன் மைதானமும் இதே வாக்கில்தானே இருக்கிறது? நீ எங்கே நிற்கிறாய்? படம் போட்டு அனுப்பு.

உன்,
குட்டை