மும்பை விலையும் சென்னை விலையும்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

ஒரே நாளில் 22 காரட் தங்கம் சென்னையைவிட மும்பையில் கிராமுக்கு 15 ரூபாய் குறைவாக இருப்பதாகவும், திருமணத்துக்கான 5 பவுனை அங்கேயே வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். அவசரப்பட வேண்டாம் அம்மா. நகைக்கடையில் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் ஊருக்கு ஊர் விலை மாறியதில் உள்ளூர் வரிக்குப் பெரிய பங்கு இருந்தது. தங்கத்துக்குத் தமிழ்நாட்டில் 1 சதவீதமும் கேரளத்தில் 5 சதவீதமும் மதிப்புக்கூட்டு வரி இருந்தது. மும்பைக்குள் நுழையும் சரக்குக்கு மாநகராட்சி தனியாக நுழைவு வரி வசூலித்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபின் இவை நீங்கி, நாடெங்கும் 3 சதவீதம் என்றாகிவிட்டது. இறக்குமதி வரியும் எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் ஒன்றுதான்.

இப்போது எஞ்சியிருப்பது பெரும்பாலும் போக்குவரத்தும் உள்ளூர்ச் சந்தையும்தான். வெளிநாட்டிலிருந்து வரும் கட்டித் தங்கம் விமான நிலையத்திலிருந்து பாதுகாப்பு வண்டியில், காப்பீட்டோடு வியாபாரியிடம் போய்ச் சேர வேண்டும். அந்தச் செலவு ஒரு கிலோவுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் கிராமுக்கு 15 ரூபாய்தான் ஆகிறது. அதற்கு மேல், அந்தந்த ஊர் நகை வியாபாரிகள் சங்கம் தன் ஊரின் தேவையையும் கையிருப்பையும் பார்த்து விலையை அறிவிக்கிறது. ஓர் ஊர் பிற்பகலில் விலையை மாற்றி, மற்றொன்று காலை விலையிலேயே இருந்தாலும் இடைவெளி தெரியும். கிராம் 10,000 ரூபாய் விற்கும் நாளில் வித்தியாசம் 300 ரூபாயை ஒட்டி இருந்தால், ஒரு விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார். பெரும்பாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த விலையிலேயே உன் நகைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 பவுன் என்பது 40 கிராம், தங்கத்தின் மதிப்பு மட்டும் 4,00,000 ரூபாய். கிராமுக்கு 15 ரூபாய் குறைந்தால் உனக்கு மிச்சம் 600 ரூபாய். ஆனால் செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து ஒரு கடையில் 12 சதவீதமும் இன்னொரு கடையில் 14 சதவீதமும் என்றால், அங்கேயே 8,000 ரூபாய் வித்தியாசம் வந்துவிடுகிறது. ஜிஎஸ்டி அந்தத் தொகைக்கும் சேர்த்தே கணக்கிடப்படும். போர்டில் எழுதிய விலை குறைவாக இருக்கும் கடையில் சேதாரம் கூடுதலாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே நீ ஒப்பிட வேண்டியது பில்லின் மொத்தத் தொகையை. மும்பையில் செய்கூலி, சேதாரம் என்று பிரிக்காமல் மேக்கிங் சார்ஜ் என்று ஒரே தொகையாகப் போடுவார்கள். நிகர எடை, கிராம் விலை, மேக்கிங் சார்ஜ், ஜிஎஸ்டி நான்கையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லி எனக்கு அனுப்பு. அதே நாளில் இங்கும் அதே எடைக்கு, அதே மாதிரி நகைக்கு விலை கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா