கடல் பக்கம் வா, கிரகணம் பார்க்கலாம்

தண்டையார்பேட்டை,
22.2.2026

அன்புள்ள குமாருக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எங்கள் வானியல் மன்றம் உன் தெருக்காரர்களையும் சேர்த்தே கூப்பிடுகிறது. மார்ச் 3, செவ்வாய்க்கிழமை, சந்திர கிரகணம்.

போன செப்டம்பர் கிரகணம் நடுராத்திரி, நிலா தலைக்கு மேலே. மொட்டைமாடியே போதும், கழுத்துதான் வலித்தது. இது வேறு மாதிரி. முழு கிரகணம் மாலை 5.33-க்கே முடிந்துவிடும், அப்போது நமக்கு நிலாவே உதித்திருக்காது. ஆறேகாலை ஒட்டி நிலா எழும்போது பாதிக்குச் சற்றுக் குறைவாக நிழல் மிச்சமிருக்கும். 6.48-க்கு அதுவும் விலகிவிடும். ஆக, அரை மணி நேரம்தான்.

சிக்கல் இடத்தில்தான். கையை நீட்டி முஷ்டியை மூடினால் அது வானத்தில் சுமார் 10 பாகை. 6.48-க்குக்கூட நிலா முக்கால் முஷ்டி உயரம்தான் ஏறியிருக்கும். நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் மைதானத்தின் கிழக்கே மூன்று மாடி வீடுகள் இருக்கின்றன இல்லையா? 30 அடி உயரம் என்று வை. கடைசி நிமிடத்தில் பார்க்கவே அதிலிருந்து 250 அடி தள்ளி நிற்க வேண்டும், 6.33-க்குப் பார்க்க அதைப்போல இரண்டு மடங்கு. அவ்வளவு மைதானம் எங்கே இருக்கிறது? அதனால் திருவொற்றியூர் கடலோர மணல்வெளிக்கு மாற்றிவிட்டோம். கிழக்கே கடலைத் தவிர வேறெதுவும் இல்லை.

"சிவப்பு நிலா" என்று யாரிடமும் சொல்லிவிடாதே, அப்புறம் என்னைத்தான் திட்டுவார்கள். அடிவானப் புழுதியில் எந்தப் பௌர்ணமி நிலாவும் ஆரஞ்சாகத்தான் எழும். மேலே, இடப்பக்கமாக, கலங்கிய விளிம்போடு கடித்தது போல ஒரு இருட்டு தெரிந்தால் அதுதான் பூமியின் நிழல். முதல் பத்து நிமிடம் வெளிச்சத்திலும் மங்கலிலும் நிலாவைத் தேட வேண்டியிருக்கும். பொறுமையாக இரு.

நிலாவை வெறும் கண்ணாலும் பைனாகுலராலும் தாராளமாகப் பார்க்கலாம், கண்ணாடி வேண்டாம். ஆபத்து முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நிலா எழும் அதே நேரம் சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். பையன்கள் சும்மா இருப்பார்களா, பைனாகுலரோடு அந்தப் பக்கம் திரும்புவார்கள். ஒரு கணம் போதும், கண் போய்விடும். அதனால் சூரியன் முழுசாக மறைந்த பிறகுதான் பெட்டியையே திறப்போம். தூண்டில் வளைவுப் பாறைகளில் யாரையும் ஏறவிடாதே, பாசி வழுக்கும், இருட்டிவிடும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாது. குழந்தைகளைக் கையைப் பிடித்துத்தான் கடக்க வைக்க வேண்டும்.

கிரகணத்தில் சாப்பிடக் கூடாது என்று உன் அம்மா சொன்னால் எதிர்த்துப் பேசாதே. சுண்டலை 6.48-க்கு அப்புறம் பிரிக்கிறேன். ஐந்தே முக்காலுக்கு வந்துவிடு, உனக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டு வருகிறேன்.

உன்
சேகர்