எல்லா முழு எண்களிலிருந்தும் ஒன்றை எடுப்பது பற்றி: நிகழ்தகவு வினாக்களை அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கும் வினாத்தாள் அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். நிகழ்தகவுப் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். "ஒரு மிகை முழு எண் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறது; அது 3 ஆல் வகுபடுவதற்கான நிகழ்தகவு என்ன?" என்ற வினாவைப் பயிற்சிநூல்களில் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். விடை 1/3 என்று பின்பக்கத்தில் இருக்கிறது. அந்த 1/3 என்ற எண்ணுக்கு ஒரு நல்ல பொருள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வினாவின் முதல் வாக்கியம் சொல்லும் தேர்வு நடக்கவே முடியாதது. இதைச் சுட்டிக்காட்டிய ஒரு மாணவியிடம், எல்லையற்ற கணம் என்பதால்தான் சிக்கல் என்று நானே ஒருமுறை விடை சொல்லியிருக்கிறேன். அது தவறான காரணம். சரியான காரணத்தை அவளுக்குச் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

முதலில் சிக்கலை முறையாக வைக்கிறேன். எல்லா எண்களுக்கும் ஒரே வாய்ப்பு என்றால், 1 கிடைப்பதற்கும் 2 கிடைப்பதற்கும் 73 கிடைப்பதற்கும் ஒரே நிகழ்தகவு p இருக்க வேண்டும். p சுழியைவிடப் பெரியது என்று கொள்வோம். அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. எடுத்துக்காட்டாக p ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால், முதல் 1001 எண்களை மட்டும் கூட்டினாலே 1.001 வந்துவிடுகிறது, நிகழ்தகவு 1ஐத் தாண்டக் கூடாது. கோடியில் ஒரு பங்கு என்றாலும் கோடியே ஒன்று எண்களை எடுத்தால் அதே கதைதான். ஆகவே p சுழியாகத்தான் இருக்க முடியும். இதுவரை நாம் பயன்படுத்தியது, ஒன்றையொன்று விலக்கும் சில நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளைக் கூட்டலாம் என்ற எளிய விதியை மட்டுமே.

அடுத்த படியில்தான் கோல்மகோரோவ் 1933இல் வகுத்த அடிகோள்கள் குறுக்கே வருகின்றன. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று முடிவின்றி வரிசைப்படுத்த முடியுமானால், அவை அனைத்தும் சேர்ந்த நிகழ்ச்சியின் நிகழ்தகவு, தனித்தனி நிகழ்தகவுகளாலான முடிவிலாத் தொடரின் கூடுதலுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதே எண்ணிடத்தக்க கூட்டற்பண்பு. "ஏதோ ஒரு முழு எண் கிடைக்கிறது" என்பது உறுதியான நிகழ்ச்சி; அதன் நிகழ்தகவு 1. ஆனால் அது "1 கிடைக்கிறது", "2 கிடைக்கிறது", "3 கிடைக்கிறது" என்று வரிசையாக நீளும் நிகழ்ச்சிகளின் சேர்ப்புதான். ஒவ்வொன்றுக்கும் சுழி என்றால் கூடுதலும் சுழி. ஒன்றும் சுழியும் சமமல்ல. p என்ற எண்ணுக்கு இடமே இல்லை.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து, "0க்கும் 1க்கும் இடையில் ஒரு மெய்யெண்ணைச் சீராகத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒவ்வொரு புள்ளிக்கும் சுழிதானே?" என்று கேட்பார், கேட்க வேண்டும். அந்தக் கணமும் எல்லையற்றதுதான். ஆனாலும் அங்கே தேர்வு சாத்தியம். அந்த இடைவெளியின் புள்ளிகளை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தவே முடியாது என்பதால், அவற்றின் சுழிகளைக் கூட்டும்படி அடிகோள் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை. முழு எண்கள் சிக்கிக்கொள்வது அவை எல்லையற்றவை என்பதால் அல்ல. எல்லையற்றவையாக இருந்தும் எண்ணிடத்தக்கவை என்பதால். என் பழைய விடையின் பிழை இதுதான்.

அப்படியானால் அடிகோளைத் தளர்த்தினால் என்ன என்று கேட்கலாம். இது வீண் கேள்வி அல்ல. இத்தாலியக் கணிதவியலாளர் புரூனோ டி ஃபினெட்டி முடிவுறு கூட்டலே போதும் என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். அந்த விதிகளின் கீழ் ஒவ்வொரு எண்ணுக்கும் சுழியும், இரட்டை எண்களுக்கு 1/2உம், 3இன் மடங்குகளுக்கு 1/3உம் தரும் ஒரு அளவை இருக்கவே செய்கிறது. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையை நம் வினாக்கள் சொல்வதில்லை.

அந்த விலையை ஒரு விளையாட்டில் பார்க்கலாம். இருவர் அத்தகைய முறையில், ஒருவர் அறியாமல் மற்றவர், ஆளுக்கொரு எண்ணை எடுக்கிறார்கள். பெரிய எண்ணை எடுத்தவர் வெல்வார். முதலாமவரின் சீட்டைப் பிரிக்கிறோம். அதில் 5,000 என்று இருக்கிறது. இரண்டாமவரின் எண் 5,000ஐத் தாண்டாமல் இருக்க வேண்டுமானால் 1 முதல் 5,000 வரையுள்ள எண்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அதன் நிகழ்தகவு 5,000 சுழிகளின் கூடுதல், அதாவது சுழி. ஆகவே இரண்டாமவர் வெல்வதற்கான நிகழ்தகவு 1. முதல் சீட்டில் எந்த எண் இருந்தாலும் இதே முடிவுதான் என்பதால், சீட்டைப் பிரிக்கும் முன்பே இரண்டாமவர் பக்கம் பந்தயம் கட்டிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் இரண்டாமவரின் சீட்டை முதலில் பிரித்திருந்தால், அதே கணக்கு முதலாமவர் வெல்வது உறுதி என்கிறது! எந்தச் சீட்டைப் பிரிக்கிறோம் என்பது எடுக்கப்பட்ட எண்களை மாற்றுவதில்லை. எண்ணிடத்தக்க கூட்டற்பண்பு தடுப்பது இத்தகைய நிலையைத்தான். n முதல் மேலே உள்ள எல்லா எண்களின் கணத்தை எடுத்து n-ஐ வளர்த்துக்கொண்டே போனால், அந்தக் கணங்கள் சுருங்கிச் சுருங்கி வெற்றுக்கணத்தில் முடிகின்றன. ஆனால் நம் கற்பனைத் தேர்வில் ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 1 ஆகவே நிற்கிறது. நிகழ்தகவு முழுவதும் எந்த எண்ணிலும் தங்காமல் முடிவிலியை நோக்கி நழுவிவிடுகிறது. அடிகோள் அந்த நழுவலை அனுமதிப்பதில்லை.

விடைப்பக்கத்தின் 1/3 உண்மையில் ஓர் எல்லை மதிப்பு: 1 முதல் N வரை எத்தனை எண்கள் 3 ஆல் வகுபடுகின்றன என்று எண்ணி, N ஆல் வகுத்து, N-ஐ வளரவிட்டால் கிடைப்பது. இதற்கு அடர்த்தி என்று பெயர். அது நிகழ்தகவைப் போலத் தோன்றினாலும் எல்லாக் கணங்களுக்கும் கிடைப்பதில்லை. முதல் இலக்கம் 1 ஆக உள்ள எண்களைப் பாருங்கள். 99 வரை அவற்றின் எண்ணிக்கை 11, பங்கு 1/9. 199 வரை போனால் 111. பங்கு பாதிக்கும் மேல், சுமார் 0.558. 999 வரை போனால் புதிதாக ஒன்றும் சேராமல் மீண்டும் 1/9. 1,999இல் மறுபடியும் சுமார் 0.556. இந்தப் பங்கு ஏறத்தாழ 1/9க்கும் 5/9க்கும் இடையில் என்றென்றும் ஊசலாடிக்கொண்டிருக்கும். எல்லை மதிப்பு என்று ஒன்று அதற்கு இல்லை. "சமவாய்ப்பு முறையில் எடுத்த முழு எண் 1இல் தொடங்குவதற்கான நிகழ்தகவு என்ன?" என்று நாளை யாரேனும் உங்கள் வினாவின் மாதிரியிலேயே கேட்டால், பின்பக்கத்தில் எதை அச்சிடுவீர்கள்?

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. வினாவின் முதல் வாக்கியத்தில் ஓர் எழுத்து சேர வேண்டும். "1 முதல் N வரையுள்ள முழு எண்களில் ஒன்று சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறது, அது 3 ஆல் வகுபடுவதற்கான நிகழ்தகவைக் காண்க. N வளரும்போது அது எந்த மதிப்பை நெருங்குகிறது?" N = 10 என்றால் 3/10, N = 100 என்றால் 33/100, N = 1,000 என்றால் 333/1,000 என்று மாணவர்களே கணக்கிட்டு 1/3ஐ அடைவார்கள். எல்லா முழு எண்களிலிருந்தும்தான் எடுக்க வேண்டும் என்று விரும்பினால், வாய்ப்புகள் சமமாக இருக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, 1க்கு 1/2, 2க்கு 1/4, 3க்கு 1/8 என்பது போன்ற ஒரு பரவலை வினாவிலேயே கொடுத்துவிடுங்கள். அந்தப் பரவலில் 3இன் மடங்கு கிடைப்பதற்கான நிகழ்தகவு 1/8 + 1/64 + 1/512 + …, அதாவது 1/7.

இப்படிக்கு,
நிகழ்தகவு கற்பிக்கும் ஓர் ஆசிரியர்