ஆனுவிட்டி: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

ஐயா,

ஓய்வுபெறும்போது கிடைக்கும் மொத்தத் தொகையை ஆனுவிட்டி என்னும் காப்பீட்டு நிறுவன ஓய்வூதியத் திட்டத்தில் போட்டால் ஆயுள் முழுக்க மாத வருமானம் வரும் என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை சொன்னது சரிதான், ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலையைச் சொல்லவில்லை. அறுபது வயதில் பத்து லட்சத்துக்கு நான் விசாரித்தபோது, என் காலத்துக்குப் பிறகு போட்ட பணம் பிள்ளைகளுக்குத் திரும்பும் திட்டத்தில் மாதம் சுமார் 5,400 ரூபாய், திரும்பாத திட்டத்தில் சுமார் 6,700 ரூபாய் என்றார்கள். முகவர் முதலாவதையே வற்புறுத்தினார். இடையிலுள்ள 1,300 ரூபாயைத்தான் பிள்ளைகளுக்காக மாதாமாதம் விட்டுக்கொடுக்கிறோம் என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் போட்ட பிறகே புரிந்தது.

அப்புறம், இந்தத் தொகை ஏறவே ஏறாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் கூடினால், 12 ஆண்டுகளில் 5,400 ரூபாய்க்கு இன்றைய 2,700 ரூபாயின் மதிப்புத்தான், அதிலும் வருமான வரி உண்டு. ஒருமுறை வாங்கிவிட்டால் திட்டத்தை மாற்றவும் பெரும்பாலும் முடியாது. எனவே விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இரண்டு திட்டங்களின் மாதத் தொகையையும், பன்னிரண்டாம் ஆண்டில் அதன் மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிடலாம்.

- ஓய்வுபெற்ற வாசகர், மதுரை