பாதிச் சம்பளம் பேங்க்கில், பாதி கவரில்: சான்றிதழில் எதை எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கடன் வாங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கியிருந்தார்கள். ஆனால் சம்பளச் சான்றிதழ் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘வேலை செய்யும் இடத்தில் வாங்கி இணைக்கவும்.’ அரசு ஊழியருக்கும் கம்பெனி ஊழியருக்கும் அந்த ஒரு வரி போதும். மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் பக்கம் ஜவுளிக் கடையிலும் பாத்திரக் கடையிலும் அரிசி ஆலையிலும் வேலை பார்க்கிறவர்களுக்குப் போதாது. அவர்களில் பலருடைய கடன் மனு நின்றுபோவதே அந்த ஒரு தாளில்தான். நான் பல வருடம் கடைகளில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அதனால் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். ஜவுளிக் கடையில் ஒன்பது வருடமாக விற்பனையாளர். 2018 கஜா புயலில் வீட்டு ஓடு மொத்தமும் போய், இன்று வரை தகரம் போட்டுத்தான் குடியிருக்கிறார்கள். மனை அம்மா பெயரில், பட்டாவோடு இருக்கிறது. அம்மாவையும் சேர்த்து 8 லட்சம் ரூபாய் கடனுக்கு விண்ணப்பித்தான். அவனுடைய சம்பளம் மாதம் 18,000. அதில் 9,000 வங்கிக் கணக்கில் ஏறும். மீதி 9,000 ஐந்தாம் தேதி ஒரு கவரில் கைக்கு வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் பிடிக்கிறார்கள், ஆனால் அந்த முதல் 9,000-க்கு மட்டும். இந்தப் பக்கத்துக் கடைகளில் இது சாதாரணம்.

முதலாளி நல்லவர். கேட்டவுடன் லெட்டர்பேடை எடுத்து, “பையனுக்கு நல்லபடியா கடன் கிடைக்கட்டும்” என்று 25,000 ரூபாய் சம்பளம் என எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வங்கி அதிகாரி அந்தத் தாளையும் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாதம் ஒருமுறை 9,000-க்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வரவு, அவ்வளவுதான். அடுத்து வங்கியின் சார்பில் ஒருவர் கடைக்கே வந்து விசாரித்தார். கல்லாவில் இருந்த மேனேஜர் யதார்த்தமாக, “பதினெட்டாயிரம் வாங்குறாங்க” என்று சொல்லிவிட்டார். ஒரே ஆளுக்கு மூன்று சம்பளம்! மனு திரும்பி வந்துவிட்டது.

உதவி செய்வதாக நினைத்துத்தான் கூட்டி எழுதுகிறார்கள். அதனால் கெடுவது அந்தப் பையனின் பெயர்தான். அந்தக் கிளையில் அடுத்த முறை உண்மையான தாளைக் கொண்டுபோனாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். பொய்யான சான்று கொடுத்துக் கடன் வாங்குவது குற்றம் என்பதும், கையெழுத்துப் போட்டவரையும் அது இழுக்கும் என்பதும் தனி விஷயம்.

அப்படியென்றால் கணக்கில் வரும் 9,000-ஐ மட்டும் எழுதிக் கொடுத்தால்? வங்கிகள் பொதுவாக, மாதத் தவணை கைக்கு வரும் சம்பளத்தில் ஏறக்குறைய பாதியைத் தாண்டக் கூடாது என்று பார்க்கும். இந்த அளவு வங்கிக்கு வங்கி மாறும். எட்டரை சதவீத வட்டி, இருபது வருடம் என்றால் ஒரு லட்சத்துக்குத் தவணை சுமார் 868 ரூபாய். 9,000-இல் பிடித்தம் போக நிற்பது 7,852. அதில் பாதியை வைத்துப் பார்த்தால் நாலரை லட்சம் கிடைப்பதே அதிகம். அதில் கூரை மட்டத்தைக் கூடத் தொட முடியாது. 18,000-ஐயும் முறையாகக் காட்டினால் 8 லட்சத்துக்கு வழி பிறக்கும். ஆக அவன் கேட்க வேண்டியது கூட்டிய சம்பளமும் இல்லை, குறைத்த சம்பளமும் இல்லை. வாங்குகிற சம்பளம் முழுவதும் தாளுக்கு வர வேண்டும்.

அங்கேதான் முதலாளிகள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். முழுச் சம்பளத்தை ஒப்புக்கொண்டால் பி.எஃப். தலைவலி வரும் என்பது முதல் பயம். எவ்வளவு தலைவலி என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். பி.எஃப். கட்டாயமாகக் கட்ட வேண்டியது 15,000 வரைக்கும்தான். அதனால் கடையின் 12 சதவீதப் பங்கு 1,080-இலிருந்து 1,800 ஆகும். இ.எஸ்.ஐ. பங்கு மூன்றேகால் சதவீதம், அது 293-இலிருந்து 585 ஆகும். சில்லறைக் கட்டணங்களையும் சேர்த்தால் கடைக்கு மாதம் கூடுதல் செலவு ஆயிரத்துச் சொச்சம். பையனுக்கும் பிடித்தம் கூடும். முன்பு வங்கியிலும் கவரிலுமாகக் கைக்கு வந்தது 16,852, இனி வருவது 16,065. கேட்கப் போகிறவர் இந்தக் குறைவைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். பிறகு வீட்டில் சண்டை வரக் கூடாது. ஆனால் பி.எஃப்.பில் போவது அவர் பெயரில்தான் சேருகிறது, அதே அளவு பணத்தை முதலாளியும் போடுகிறார்.

இரண்டாவது பயம்தான் பெரியது. “நாளைக்கு அவன் தவணை கட்டலைன்னா பேங்க்காரங்க என் கடை வாசல்ல வந்து நிப்பாங்களே” என்றார் அந்த முதலாளி. நிற்க மாட்டார்கள். சம்பளச் சான்றிதழ் ஜாமீன் இல்லை. இன்ன தேதியில் இவருக்கு இன்ன சம்பளம் என்பதற்கு மேல் அது எதற்கும் பொறுப்பேற்காது. முதலாளியின் நிம்மதிக்காகக் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்: ‘ஊழியர் கேட்டுக்கொண்டதன் பேரில் வழங்கப்படுகிறது, இதனால் நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.’ வங்கிகள் இதை வழக்கமாக ஏற்கின்றன. முதலாளிகள் கவனிக்க வேண்டியது வேறொரு தாளை. சில கடன்களுக்கு, தவணையைச் சம்பளத்தில் பிடித்து வங்கிக்கு அனுப்புகிறேன் என்று ஓர் உறுதிமொழிக் கடிதம் கேட்பார்கள். அதில் பொறுப்பு உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு சாதாரணச் சான்றிதழுக்கே மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தாளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் தம்பியின் விஷயம் இப்படித்தான் தீர்ந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த பிறகு, கடை மூடும் நேரத்தில் முதலாளியைப் பார்த்தான். கல்லாவில் வாடிக்கையாளர் நிற்கும்போது கேட்கவில்லை. வாயால் கேட்காமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தான்: எந்த வங்கி, எந்தக் கிளை, எதற்காகக் கடன், சான்றிதழில் என்னென்ன விவரம் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும். கூடவே ஒரு வேண்டுகோள்: “முதலாளி, இந்த மாசத்திலிருந்து சம்பளம் முழுசையும் கணக்கிலேயே போட்டுடுங்க.” கூடுதல் செலவுக் கணக்கையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தோம். ஒரு வாரம் யோசித்துவிட்டு அவர் சம்மதித்தார். ஆறு மாதம் 16,065 ரூபாய் மாறாமல் கணக்கில் ஏறிய பிறகுதான் மறுபடி விண்ணப்பித்தான். எட்டு லட்சத்துக்குத் தவணை சுமார் 6,943. அது சம்பளத்தில் பாதிக்குள்தான் இருந்தது. தாள், ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக், மேனேஜரின் வாய் நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போனதால் கடன் கிடைத்துவிட்டது.

அந்தத் தாளில் இருந்தவை இவைதான். கடையின் லெட்டர்பேடு, முகவரி, ஜி.எஸ்.டி. எண், தேதி. ஆதாரிலும் பான் அட்டையிலும் உள்ளபடியே பெயர். இனிஷியல் மாறினால் கூட திருப்பி அனுப்புவார்கள். வேலைக்குச் சேர்ந்த தேதி, பதவி, நிரந்தர வேலையா என்பது. மொத்தச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம், கைக்கு வருவது, அது எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பது. கீழே கையெழுத்து, கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, போன் நம்பர், முத்திரை. பெயரில்லாத வெறும் கிறுக்கலும் ரப்பர் ஸ்டாம்ப்பும் மட்டும் இருந்தால் வங்கி விசாரிப்பதற்கு ஆள் கிடைக்காது. விண்ணப்பிக்கும் சமயத்தில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும், ஆறு மாதம் பழசானால் புதிதாகக் கேட்பார்கள். விசாவுக்கு அனுபவச் சான்று கேட்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே தாள்தான். அதில் சம்பளத்தை விட, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை என்பதுதான் முக்கியம்.

எல்லா முதலாளியும் சம்மதிக்க மாட்டார்கள், தெரியும். அவர்களிடம் வேலை பார்க்கிறவர்கள் குறைந்தபட்சம் மாதாமாதம் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். அது யாரும் செய்யும் சலுகை இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. பி.எஃப். பாஸ்புக்கை யூ.ஏ.என். எண்ணை வைத்து நீங்களே எடுக்கலாம், எந்தக் கடை எந்தெந்த மாதம் உங்களுக்குப் பணம் கட்டியது என்பது அதில் இருக்கும். வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாவிட்டாலும், கவரில் வருவதையும் சேர்த்து வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து வரலாம். இரண்டு வருடக் கணக்கு கையில் இருந்தால் பல வங்கிகள் அதையும் எடுத்துப் பார்க்கின்றன.

ஊர் வர்த்தகர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தச் சான்றிதழின் மாதிரி ஒன்றை, பொறுப்பில்லை என்ற அந்த வரியோடு சேர்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். தீபாவளி வியாபாரம் முடிந்தவுடன் கொடுத்தால், தையில் அறுவடைப் பணத்தோடு வீட்டு வேலை தொடங்க நினைக்கும் குடும்பங்களுக்கு நேரத்தோடு உதவும். உங்கள் இதழிலும் அந்த மாதிரியை ஒருமுறை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடைக் கணக்கர்,
மன்னார்குடி