வார இறுதித் தமிழ் வகுப்பு, பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், ஆசிரியைகள், பெற்றோர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வகுப்புகள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. ஆண்டு விழாவும் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியும் வழக்கம்போல் நடந்தேறின. நிர்வாகக் குழு தேவைப்பட்டபோதெல்லாம் கூடியது. நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்த பழைய புத்தகங்களைக் கீழ் வகுப்புகளுக்குத் தராமல் தனி அலமாரியில் வைத்திருக்கிறோம். 1978இல் தமிழ்நாடு அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவை அவை. அவற்றில் லை, னை போன்ற எழுத்துகள் யானைத் தும்பிக்கை வளைந்த பழைய வடிவில் இருக்கும். இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளை அதைப் பார்த்தால் இது வேறு எழுத்து என்றே நினைக்கும். புத்தகம் கொடுத்தவர்கள் வருத்தப்பட வேண்டாம்.

இனி, இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட விஷயம். பாட நோட்டில் தமிழ்ச் சொல்லுக்கு மேல் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை எழுதித் தரக் கூடாது என்ற தீர்மானத்தை நான்தான் முன்மொழிந்தேன். கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு நிறைவேறியது. "வீட்டில் நாங்களே தமிழ் அதிகம் பேசுவதில்லை, அதையும் நிறுத்திவிட்டால் பிள்ளைக்கு எப்படித்தான் உதவுவது?" என்று பல பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கக்கூடியதும் அல்ல. அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆங்கில எழுத்து என்ன செய்கிறது என்று பாருங்கள். பி, ஏ, டி, டி, யு என்று ஐந்து எழுத்தை எழுதினால் அது பட்டாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம், பாட்டாகவும் பற்றாகவும் இருக்கலாம். எழுதிய அம்மாவுக்கு எது என்று தெரியும். படிக்கும் பிள்ளைக்குத் தெரியாது. அது ஏதோ ஒன்றைச் சொல்லும், அதுவே நாக்கில் பதிந்துவிடும். அதைவிட மோசம், கண் மேல் வரியிலேயே நின்றுவிடுவது. கீழே இருக்கும் தமிழ் எழுத்து வெறும் கோலமாகிவிடும்.

உங்கள் பிள்ளை உண்மையில் படிக்கிறதா, மனப்பாடமாகச் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தமிழ்ப் புலமை வேண்டாம். பாடத்தில் 'ஓடினான்' என்று இருந்தால் ஒரு தாளில் 'ஓடினாள்' என்று எழுதிக் காட்டுங்கள். எழுத்தைப் பார்க்கும் பிள்ளை கடைசியில் ஒரு கணம் தயங்கி 'ள்' என்று சொல்லும். மனப்பாடப் பிள்ளை தயங்காமல் 'ஓடினான்' என்று முடித்துவிடும். இந்தச் சோதனையை ஆசிரியைகள் இரண்டாம் நிலை வகுப்பில் செய்தபோது, சரளமாகப் படிப்பதாக நாங்கள் நினைத்திருந்த பிள்ளைகள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

பெற்றோர் ஆங்கிலத்தை நாடுவதற்கு முக்கியக் காரணம், ஒரே தமிழ் எழுத்துக்கு இரண்டு மூன்று ஒலி இருப்பது. 'பள்ளி'யில் வரும் ப வேறு, 'தம்பி'யில் வரும் ப வேறு. எதை எப்போது எப்படிச் சொல்வது என்று பிள்ளை கேட்டதும், பாதுகாப்புக்காக மேலே ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறோம். ஆனால் இதற்கு வழி எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. க, ட, த, ப ஆகிய நான்கு எழுத்துகளுக்கும் ஒரே வழக்கம்தான். சொல்லின் முதலில் வந்தாலும், புள்ளி வைத்த அதே எழுத்துக்குப் பின் இரட்டித்து வந்தாலும் ஒலி வன்மையாக இருக்கும். ங், ண், ந், ம் போன்ற மெல்லின மெய்யை அடுத்து வந்தாலோ, இரண்டு உயிரொலிக்கு நடுவில் வந்தாலோ ஒலி இளகிவிடும். இதில் ட மட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ச கொஞ்சம் தனி வழியில் போகும். பச்சை, பஞ்சு, பசி என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூன்று ஒலி கேட்கும்.

இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குக் காட்ட நல்ல வழி தொண்டையில் விரல் வைப்பது. 'தம்பி' என்று சொல்லும்போது ம்-இல் தொடங்கிய அதிர்வு நிற்காமல் 'பி'க்குள் போகும். 'தப்பி' என்று சொன்னால் நடுவில் ஒரு கணம் அதிர்வு அறுந்துபோகும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது விரலில் தெரிந்துவிடும்.

ஒரு முழு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'தம்பி பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.' தம்பியில் முதல் த வன்மை, ம் முன்னால் நிற்பதால் பி மென்மை. பந்தையில் ப வன்மை, ந்-ஐ அடுத்த தை மென்மை. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. தை என்ற எழுத்தில் சங்கிலிக்கொம்பு முன்னால் இருக்கிறது, ஆனால் ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகப் படிக்கும் பிள்ளை இங்கேதான் நின்றுபோகும். கொம்பைத் தனியாகச் சுட்டாமல், கொம்பும் எழுத்தும் சேர்ந்து விரலுக்கடியில் வரும்படி வையுங்கள்.

அடுத்தது 'எடுத்துக்கொண்டு', இந்த வாக்கியத்தின் முள். டு இரண்டு உயிருக்கு நடுவில் இருப்பதால் மென்மை, த்து இரட்டித்ததால் வன்மை, க்கொ-வும் அப்படியே, ண்டு மென்மை. கொ-வில் முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் துணைக்கால். பிள்ளைகள் இதைக் 'கெ' என்று படித்துவிட்டு, காலைத் தனி எழுத்தாக நினைத்து 'ஆ' என்று இழுப்பார்கள். 'கெஆண்டு' என்று உங்கள் காதில் விழுந்தால் பிள்ளை அசட்டையாகப் படிக்கிறது என்று எண்ண வேண்டாம், கால் எந்த எழுத்தோடு சேர்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த வழக்கத்துக்கு விதிவிலக்கும் உண்டு, மறைக்கவில்லை. பயம், குரு போன்ற வடமொழி வழி வந்த சொற்களில் முதல் எழுத்தையே பலர் இளக்கித்தான் சொல்கிறோம். பாபு, தீபா என்ற பெயர்களும் அப்படியே. சில பிள்ளைகளின் சொந்தப் பெயரே விதியை மீறுவதால் முதல் நாளே சண்டைக்கு வருவார்கள். அந்தச் சொற்களைத் தனிப் பட்டியலாக நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். தொடக்கப் பாடங்களில் அப்படிப்பட்டவை குறைவு.

சரி, வீட்டில் என்ன செய்வது? ஆசிரியைகள் வாரம் மூன்று வாக்கியங்களை மெதுவாகப் படித்து ஒலிப்பதிவாகக் குழுவில் அனுப்புகிறார்கள். நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். முதல் இரண்டு நாள் பிள்ளை வாய் திறக்க வேண்டாம். ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்தினால் போதும். மூன்றாம் நாள் ஒலிப்பதிவோடு சேர்ந்து படிக்கட்டும். நான்காம் நாள் தனியாகப் படித்துவிட்டு, பிறகு ஒலிப்பதிவைக் கேட்டுத் தானே ஒப்பிடட்டும். ஐந்தாம் நாள் படித்ததைப் பதிவு செய்து ஆசிரியைக்கு அனுப்புங்கள். பெற்றோரின் வேலை, விரல் வாயோடு சேர்ந்து போகிறதா என்று பார்ப்பது மட்டுமே. வாய் முன்னே ஓடி விரல் பின்தங்கினால் மனப்பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போது கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள்.

இதில் எங்கள் பக்கமும் தவறு நடந்தது. தொடக்கத்தில் அனுப்பிய ஒலிப்பதிவுகள் பேச்சு வேகத்தில் இருந்தன. சிலவற்றில் ஆசிரியை தன்னை அறியாமல் 'எடுத்துக்கிட்டு' என்று படித்துவிட்டார். புத்தகத்தில் ஒன்று, காதில் இன்னொன்று என்றானதும் பிள்ளைகள் புத்தகத்தைக் கைவிட்டார்கள். இரண்டாம் பருவத்திலிருந்து எழுத்தில் உள்ளபடியே படிக்கிறோம். வீட்டிலும் அதையே கடைப்பிடியுங்கள். பேசும்போது எடுத்துக்கிட்டு, எடுத்துண்டு என்று உங்கள் வழக்கப்படி தாராளமாகப் பேசலாம். புத்தகம் திறந்திருக்கும்போது மட்டும் அதைத் திணிக்க வேண்டாம். "யாரும் இப்படிப் பேசுவதில்லையே" என்று பிள்ளை கேட்டால், உண்மைதான், இது எழுதும் தமிழ் என்று சொல்லிவிடுங்கள்.

சொல்வதெழுதுதலுக்கு ஒரு வார்த்தை. "எந்த ன?" என்று இரவு பத்து மணிக்குச் செய்தி அனுப்பும் பெற்றோருக்காக. அவற்றின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது: தந்நகரம், டண்ணகரம், றன்னகரம். த-வுக்கு முன் ந் (பந்து), ட-வுக்கு முன் ண் (வண்டி), ற-வுக்கு முன் ன் (கன்று). தமிழ்ச் சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே. மணம், மனம் போல நடுவில் தனியாக வரும்போதுதான் சொல்லுக்குச் சொல் கற்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. படியெடுக்கும் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது. சந்தா நிலுவை கணிசமாக இருக்கிறது. நிலுவையில் உள்ள பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என்னிடம் உள்ளது. இரண்டு பருவம் கட்டாதவர்களின் பிள்ளைகளுக்கும் பயிற்சித்தாள் மறுக்கப்படவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பொதுக்குழுவை முதலில் கூட்டிய நாளில் ஒரு மணி நேரம் காத்திருந்தும் குறைவெண் சேராமல் கலைந்தோம். அதே நேரத்தில் வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்ட கார்கள் வரிசையாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. ஆங்கில எழுத்துத் தீர்மானத்தைப் பற்றிப் பிற்பாடு எனக்கு வந்த நீண்ட செய்திகளில் பலவும் அன்று உள்ளே வராதவர்களிடமிருந்து வந்தவை.

ஊதியமின்றிக் கற்பிக்கும் ஆசிரியைகளுக்கும், அறை தந்து உதவியவர்களுக்கும், நாற்காலி அடுக்கிய மேல்நிலை மாணவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் ஒலிப்பதிவுகளை முதல் நிலைக்கும் விரிவாக்க வேண்டும். அதற்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கோப்புகளுக்குப் பெயரிட்டு, சரியான குழுவுக்கு அனுப்ப ஒருவர் தேவை. தமிழ் சரளமாக வர வேண்டிய அவசியமில்லை, நேரம் தவறாமல் செய்தால் போதும். செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அந்த ஒருவர் கிடைக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வேட்புப் படிவம் நுழைவாயில் மேசையில், சந்தா ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வருகைப் பதிவேடு, ஒலிப்பதிவுக் கோப்புகள், அலமாரிச் சாவி மூன்றும் இன்றுவரை என் வசம் உள்ளன.

இப்படிக்கு,
செயலாளர்